அப்ரைசலில் தவறை எழுதினால் மன்னிப்புக் கடிதமாகிவிடுகிறது

"ஆகஸ்ட் டிடிஎஸ்ஸை செப்டம்பர் 9-இல்தான் கட்டினேன். 2 லட்சத்துக்கு 6,000 ரூபாய் வட்டி. சுயமதிப்பீட்டில் எழுதினால் கெஞ்சுவது போலவே வருகிறது."

நடந்தது, நஷ்டம், காரணம், மாற்றியது. இந்த நாலு விஷயம் மட்டும் எழுதுங்கள், இப்படி:

"ஆகஸ்ட் டிடிஎஸ்ஸை செப்டம்பர் 7-ஆம் தேதிக்குள் கட்டாமல் 9-இல் கட்டினேன். இரண்டு மாதக் கணக்கில் 3% வட்டி, 6,000 ரூபாய். சலான் தயாரிப்பதைக் கடைசி நாளுக்கு விட்டிருந்தேன். அன்று வங்கித் தளம் இயங்கவில்லை. அக்டோபரிலிருந்து 4-ஆம் தேதியே கட்டுகிறேன்; அதன்பின் தாமதமில்லை."

உங்கள் வரைவு கெஞ்சலாக வரக் காரணம், தவறைவிட உங்கள் வருத்தத்தைப் பற்றி அதிகம் எழுதியிருப்பீர்கள். "மிகவும்", "மனமார", "இனி கவனமாக இருப்பேன்" எல்லாவற்றையும் அடித்துப் பாருங்கள். தேதியோ தொகையோ காரணமோ மிஞ்சாத வரி வேண்டாம். (வங்கித் தளத்தின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். கடைசி நாளுக்கு விட்டது நீங்கள்தானே!)

"அதன்பின் தாமதமில்லை" என்பதைச் சலான் தேதிகளோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு எழுதுங்கள். அப்புறம், மேலாளருக்கு இந்த வட்டி விஷயம் இன்னும் தெரியாதென்றால் ஃபார்மை அனுப்பும் முன் நேரில் சொல்லிவிடுங்கள். அவர் அதை முதலில் ஃபார்மில் படிக்கக் கூடாது.