லாரியா, ரயிலா, கப்பலா: இசைவு விகிதம் இடிக்கும்போது எந்த எண்ணைத் திருத்துவது?

கேள்வி: டைல்ஸ் கன்டெய்னர்களை லாரி, ரயில், கப்பல் மூன்றில் எதில் அனுப்புவது என்று ஜோடி ஒப்பீட்டு முறையில் கணக்குப் போட்டேன். செலவு நேரத்தைவிட 3 மடங்கு முக்கியம், நேரம் சேதத்தைவிட 2 மடங்கு, செலவும் சேதமும் சமம் என்று கொடுத்தேன். இசைவு விகிதம் 0.32 வருகிறது. செலவு–சேதம் எண்ணை 6 ஆக்கினால் சரியாகிவிடுகிறது. மாற்றிவிடலாமா?

பதில்:

மாற்றாதீர்கள், இப்போதைக்கு. 6 போட்டால் விகிதம் சுத்தமாக 0 ஆகிவிடும், அதாவது ஒப்பீடுகளுக்குள் முரணே இருக்காது, அது உண்மைதான். ஆனால் அந்த ஒரு எண்ணோடு உங்கள் முடிவும் லாரியிலிருந்து கப்பலுக்குத் தாவிவிடும். எப்படி என்று கீழே கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் 0.32 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். செலவு நேரத்தைப்போல் 3 மடங்கு, நேரம் சேதத்தைப்போல் 2 மடங்கு என்றால், செலவு சேதத்தைப்போல் 6 மடங்கு இருக்க வேண்டும். நீங்கள் 1 என்றீர்கள். ஆறு மடங்கு இடைவெளி. மூன்றே அளவுகோல்கள் இருக்கும்போது இதற்கு மென்பொருளே தேவையில்லை:

```
r  = (செலவு/சேதம் ÷ (செலவு/நேரம் × நேரம்/சேதம்))^(1/3)
λ  = 1 + r + 1/r
CI = (λ - 3) / 2
CR = CI / 0.58
```

உங்கள் எண்களுக்கு r = (1/6)-இன் கனமூலம், அதாவது 0.55. λ 3.37 வரும், முரணின் அளவான CI 0.18, இசைவு விகிதமான CR 0.32. கடைசி வரியில் உள்ள 0.58, மூன்றுக்கு மூன்று அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினால் சராசரியாக வரும் CI. ஆக, குருட்டாம்போக்கில் நிரப்பினால் வரும் முரணில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் அட்டவணையில் இருக்கிறது. இந்த முறையை உருவாக்கிய தாமஸ் சாட்டி பொதுவாக 0.10 வரை ஏற்கலாம் என்றார். இவ்வளவு சிறிய அட்டவணைக்கு 0.05 என்று பிற்பாடு இன்னும் இறுக்கினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சூத்திரத்தில் மூன்று ஒப்பீடுகளும் ஒரே கனமூலத்துக்குள் கலந்துவிடுகின்றன. அதனால் மூன்றில் எது தவறு என்று கணக்கால் சொல்லவே முடியாது. நான்கு, ஐந்து அளவுகோல்கள் இருந்தால் ஒவ்வொரு எண்ணையும் அளவுகோல்களுக்குக் கிடைத்த முக்கியத்துவ எடைகளின் விகிதத்தோடு ஒப்பிட்டு, எது அதிகம் விலகி நிற்கிறது என்று பிடிக்கலாம். மூன்றில் அந்த வசதி கிடையாது. விகிதத்தை 0 ஆக்க செலவு–சேதத்தை 6 ஆக்கலாம், நேரம்–சேதத்தை 1/3 ஆக்கலாம், செலவு–நேரத்தை 1/2 ஆக்கலாம். மூன்றும் கணக்குப்படி ஒரே அளவு நியாயம்தான். மென்பொருள் அவற்றில் ஒன்றைப் பரிந்துரைத்தால் அதற்காக அது சரி என்று ஆகிவிடாது.

அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு எண்ணையும் எழுதும்போது மனதில் என்ன ஓடியது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சரக்குப் போக்குவரத்தில் முரண் பெரும்பாலும் ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் வருவதால்தான் வருகிறது. செலவையும் நேரத்தையும் ஒப்பிடும்போது "செலவு" என்பது வாடகையாக இருந்திருக்கும். செலவையும் சேதத்தையும் ஒப்பிடும்போது "உடைந்தாலும் பணம்தானே போகிறது" என்று தோன்றி சமம் போட்டிருப்பீர்கள். நேரத்தையும் சேதத்தையும் ஒப்பிடும்போதோ, தேதி தவறினால் வாங்குபவர் சத்தம் போடுவார் என்பது கண்முன் நின்றிருக்கும். உடைந்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்க மாட்டீர்கள்.

அதனால் எண்ணைத் தொடும் முன் வரையறையை எழுதுங்கள். செலவு என்றால் வாடகை, இரண்டு முனையிலும் ஏற்றி இறக்கும் கூலி, ரயில் முனையத்துக்கும் துறைமுகத்துக்கும் கொண்டுபோகும் லாரி வாடகை, காப்பீடு. அவ்வளவுதான். சேதம் என்றால் உடைந்த பெட்டிகளும் அவற்றுக்கு மாற்று அனுப்புவதால் ஏற்படும் தொல்லையும்.

இப்போது நேரம்–சேதம் கேள்வியை மறுபடி கேளுங்கள். டைல்ஸில் ஒவ்வொரு சூளைத் தொகுப்புக்கும் நிறம் கொஞ்சம் மாறும். உடைந்த பத்துப் பெட்டிக்கு அதே தொகுப்பிலிருந்து மாற்று கிடைக்காவிட்டால் அந்தத் தளம் பாதியில் நிற்கும். கிடைத்தாலும் இன்னொரு பயணம் வேண்டும். ஆக சேதம் தனக்குள் ஒரு தாமதத்தையும் சுமந்துகொண்டுதான் வருகிறது. என்னைக் கேட்டால் டைல்ஸுக்கு சேதம் நேரத்தைவிட 2 மடங்கு முக்கியம். நீங்கள் போட்டதற்கு நேர் தலைகீழ். மற்ற இரண்டையும் அப்படியே விட்டால் CR 0.016. தாராளமாக ஏற்கலாம்.

எடைகளுக்கு ஒவ்வொரு வரிசையிலும் உள்ள மூன்று எண்களைப் பெருக்கி, கனமூலம் எடுத்து, மொத்தத்தால் வகுத்தால் போதும். இந்தத் திருத்தத்தில் செலவு 0.44, நேரம் 0.17, சேதம் 0.39. நீங்கள் யோசித்த 6-ஐப் போட்டாலோ செலவு 0.67, நேரம் 0.22, சேதம் 0.11.

போக்குவரத்து வழிகளுக்கு நான் வைத்துக்கொண்ட மதிப்புகள் இவை, எண் பெரிதாக இருந்தால் அந்த வழி மேல். செலவில் கப்பல் 0.58, ரயில் 0.31, லாரி 0.11. நேரத்தில் அப்படியே தலைகீழ்: லாரி 0.58, ரயில் 0.31, கப்பல் 0.11. சேதத்தில் லாரி 0.6, மற்ற இரண்டும் தலா 0.2, காரணம், வாசலில் ஏற்றி வாசலில் இறக்கும் லாரிக்கு நடுவே கன்டெய்னரைக் கிரேனில் தூக்கும் வேலையே இல்லை. (செலவுக்கு நீங்கள் ஒப்பீடு செய்யவே வேண்டாம். கையில் மூன்று விலைப்புள்ளிகள் இருந்தால் அவற்றின் தலைகீழ் விகிதத்தையே போடுங்கள். அளக்க முடிந்ததை அபிப்பிராயமாக்கினால் முரண்தான் கூடும்.)

எடையோடு பெருக்கிக் கூட்டினால், வரையறையைச் சரிசெய்த கணக்கில் லாரி 0.38, கப்பல் 0.35, ரயில் 0.27. 6 போட்ட கணக்கில் கப்பல் 0.43, ரயில் 0.30, லாரி 0.27. இரண்டுமே இசைவுத் தேர்வில் தேறியவை. 6 போட்டது நூற்றுக்கு நூறு வாங்கித் தேறியது, ஆனால் உடையும் சரக்குக்கு உடைவதை ஆகக் கடைசியில் வைத்துவிட்டது. நீங்கள் சொன்னது ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்பதை மட்டும்தான் அந்த விகிதம் பார்க்கும். சொன்னது டைல்ஸுக்குப் பொருந்துகிறதா என்று அதற்குத் தெரியாது.

சரி, அப்படியானால் லாரி என்று முடிவு செய்துவிடலாமா? அதுவும் அவசரம். 0.38-க்கும் 0.35-க்கும் இடைவெளி மிகக் குறைவு. செலவு–சேதம் எண்ணை 1-லிருந்து 2 ஆக்கிப் பாருங்கள், CR 0.008 ஆக இன்னும் இறங்குகிறது, ஆனால் கப்பல் 0.39, லாரி 0.33 என்று முடிவு புரண்டுவிடுகிறது. மற்ற எண்களோடு மல்லுக்கட்டும் முன் இதைப் பாருங்கள். உங்கள் முடிவு பெரும்பாலும் தொங்குவது இந்த ஒப்பீட்டில்தான்.

இதற்கு விடை ஒப்பீட்டு அட்டவணைக்குள் கிடைக்காது. இதுவரை அனுப்பிய சரக்குகளின் டெலிவரி சீட்டுகளை, அதாவது இறக்கும் இடத்தில் உடைந்த பெட்டிகளைக் குறித்துக் கையெழுத்து வாங்கிய சீட்டுகளை எடுத்து, ஒரு கன்டெய்னருக்கு எவ்வளவு உடைந்தது, மாற்று அனுப்ப எவ்வளவு ஆனது என்று வழிவாரியாகக் கூட்டுங்கள். அந்தத் தொகையில் லாரிக்கும் கப்பலுக்கும் உள்ள வித்தியாசம் அவற்றின் வாடகை வித்தியாசத்தை நெருங்கினால் 1-ஐ வைத்துக்கொள்ளுங்கள். பாதிகூட வராவிட்டால் 2, அல்லது அதற்கும் மேல்.