கல்யாணத்துக்கு அப்புறம் விலகிப்போன தோழி

கேள்வி: கல்யாணம் ஆனதுல இருந்து என் க்ளோஸ் ஃப்ரெண்ட் என்கிட்ட பேசுறதே இல்ல. வலிக்குது. நானே விலகிடவா?

நீங்க அனுப்புன பெரிய மெசேஜுக்கு ரெண்டு நாள் கழிச்சு ஒரு ஹார்ட் மட்டும் வந்திருக்கும், அதையே திரும்பத் திரும்ப எடுத்துப் பாத்திருப்பீங்க. நானும் பாத்திருக்கேன்.

எனக்கும் என் ஃப்ரெண்டுக்கும் 11 வருஷப் பழக்கம், தெனம் ராத்திரி ஒன்பதரைக்கு பேசிடுவோம். அவ கல்யாணத்துக்கு அப்புறம் பேச்சுக்கு நடுவுல யாராச்சும் ரூமுக்குள்ள வந்தா அவ குரலே மாறிடும், "ம்ம்... சரி... அப்புறம்?"னு ஆயிடும், ஸ்பீக்கர்ல போட்டிருக்காளோனு எனக்கு சந்தேகம் வந்ததுல இருந்து மனசுல உள்ளத சொல்ல வாயே வரல. அவ உண்டாயிருக்கான்றத வேற ஒருத்தியோட ஸ்டேட்டஸ பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். அன்னைக்கு அழுத மாதிரி நான் எந்தப் பையனுக்காகவும் அழுததில்ல.

பொறாமைன்னு சொல்ல வருவாங்க சிலர். அவ நல்லா இருக்கணும்னு அவ கல்யாண வேலைக்கு ஒரு வாரம் லீவு போட்டு ஓடினவ நான். "உனக்கு ஆகட்டும், அப்ப புரியும்"னு சொல்றவங்கள கண்டாலே ஆகல. ஆஃபீஸ்லயும் இதேதான், லீவு நாள் டியூட்டி வந்தா "உனக்கென்ன குடும்பமா குட்டியா"னு என் தலைல கட்டுவாங்க. கல்யாணம் ஆகலன்னா நம்ம நேரத்துக்கு மதிப்பே இல்லையா?

சரி, விஷயத்துக்கு வரேன். நான் பண்ணின தப்பு, அவளா கூப்பிடுறாளான்னு பாக்க கூப்பிடுறத நிறுத்தினேன். 47 நாள் எண்ணினேன். 48வது நாள் கூப்பிட்டு அவ கேட்ட மொத கேள்வி, "அம்மா கண் ஆபரேஷன் முடிஞ்சுதா? நீ கோவமா இருக்கேன்னு நெனச்சு பயந்துட்டே இருந்தேன்டி." நான் அந்தத் தேதிய ஒரே ஒரு தடவதான் சொல்லியிருந்தேன். நான் வச்ச பரீட்சை அவளுக்குத் தெரியவே தெரியாது, அவ பாட்டுக்கு அங்க வேற ஒரு பயத்துல இருந்திருக்கா.

ராபின் டன்பர்னு ஒரு ஆராய்ச்சியாளர் சொன்னத அப்புறம் படிச்சேன், வாழ்க்கைல புதுசா ஒரு துணை வந்தா ரொம்ப நெருக்கமான வட்டத்துல இருந்து சராசரியா ரெண்டு பேர் வெளிய போயிடுவாங்களாம். வலி குறையல, ஆனா என்கிட்ட என்ன குறைன்னு தேடுறது நின்னுச்சு.

அதனால மொத்தமா விலகுறதுக்கு முன்னாடி ஒண்ணு கவனிங்க. எத்தன தடவ பேசுறாங்கன்னு எண்ணாதீங்க, பேசுறப்ப நீங்க சொன்னது ஞாபகம் இருக்கான்னு பாருங்க. நீங்க சொன்ன எதுவுமே ஞாபகம் இல்லன்னா நான் எதுவும் சொல்ல மாட்டேன், விலகுறது உங்க உரிமை. ஞாபகம் இருந்தா "ஏன் பேசல"னு கேக்காம "எப்ப நீ தனியா இருப்ப"னு கேளுங்க. என் ஃப்ரெண்டுக்கு அது வேலைக்குப் போற பஸ்ல கிடைக்கிற இருபது நிமிஷம். செவ்வாயும் வெள்ளியும் பேசுறோம். ஒன்பதரை மணிக்கு இன்னும் என் கை போனுக்குத்தான் போகுது.