வலி மாத்திரையும் ஸ்டீராய்டும்: நாய்க்கு எத்தனை நாள் இடைவெளி?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 9 வயது, 30 கிலோ. இடுப்பு மூட்டு வலிக்கு ரொம்ப நாளாக மெலாக்சிகாம் கொடுக்கிறோம். மூன்று நாள் முன்பு அரிப்புக்காக வேறொரு டாக்டரிடம் காட்டினோம். ஊசி போட்டு, ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 10 நாளுக்குக் கொடுத்தார். மெலாக்சிகாம் போவதை நாங்கள் சொல்லவில்லை, இரண்டும் சேர்ந்தே போகிறது. இரண்டையும் சேர்க்கக் கூடாது என்கிறார்களே, எதை நிறுத்துவது? மறுபடி எப்போது ஆரம்பிக்கலாம்?

பதில்: மெலாக்சிகாமை இன்றே நிறுத்திவிடுங்கள். அதற்கு யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். வலி மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் வலி கூடுமே தவிர வேறு ஆபத்து இல்லை. ப்ரெட்னிசோலோனைப் பற்றி இன்றைக்குள் டாக்டரிடம் போனில் பேசுங்கள். மூன்று நாள்தான் ஆகியிருக்கிறது என்பதால் அதையும் பொதுவாக நேரடியாக நிறுத்திவிட முடியும். நானாக இருந்தால் நிறுத்தத்தான் சொல்வேன். இரண்டு வாரத்துக்கு மேல் கொடுத்திருந்தால் கதையே வேறு: உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசாலைச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும், அப்போது அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

இவை ஏன் சேரக் கூடாது? நாயின் இரைப்பைக்குள் இருக்கும் அமிலம் இரைப்பையையே அரிக்காமல் இருப்பதற்குக் காரணம் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். சளிப்படலத்தைச் சுரக்க வைப்பது, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டை வரவழைப்பது, உட்சுவருக்கு ரத்த ஓட்டத்தைத் தருவது எல்லாம் அதுதான். மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென், ஃபிரோகாக்சிப் போன்ற வலி மாத்திரைகள் இந்தப் பொருள் உருவாகும் கடைசிக் கட்டத்தைத் தடுக்கின்றன. ஸ்டீராய்டு அதற்கு முந்தைய கட்டத்திலேயே, மூலப்பொருள் வருவதைக் குறைக்கிறது. ஒரே வாய்க்காலை மதகிலும் கடைமடையிலும் அடைத்த மாதிரி. அதோடு, சுவரில் தேய்ந்த செல்களுக்குப் பதில் புதிய செல்கள் வருவதையும் ஸ்டீராய்டு மந்தப்படுத்துகிறது. அதனால் சிறு புண் ஆறாமல் ஆழமாகிறது. இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் ஓட்டை விழும் அளவுக்கும் போகலாம். தனித்தனியாகக் கொடுத்தால் தாங்கக்கூடிய அளவிலேயே, சேர்த்துக் கொடுக்கும்போது இது நடக்கிறது. சிறுநீரகத்தின் ரத்த ஓட்டமும் இதே பொருளை நம்பித்தான் இருக்கிறது; வயதான நாய்க்கு, அதுவும் வாந்தியால் உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது, அங்கேயும் அடி விழும்.

மெலாக்சிகாம் உங்கள் நாயின் உடம்பை விட்டு முழுவதும் போக ஐந்து நாளாவது ஆகும், ஏனென்றால் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகவே சுமார் 24 மணி நேரம் பிடிக்கிறது. அந்த ஊசியை இனி வெளியே எடுக்கவும் முடியாது. அதனால் இன்று எல்லாவற்றையும் நிறுத்தினாலும் அடுத்த ஒரு வாரம் கவனமாகப் பார்க்க வேண்டும். முதலில் தெரிவது பெரும்பாலும் பசிக்குறைவும் சோர்வும்தான். சாப்பாட்டுக் கிண்ணத்தை ஒரே மூச்சில் காலி செய்யும் லாப்ரடார் பாதி வைத்துவிட்டுப் போனால் அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக வருகிறதா என்று தினமும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வெள்ளைக் காகிதத்தில் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள், ஓரத்தில் செம்பழுப்பாகப் படர்ந்தால் அது ரத்தமாக இருக்கலாம். காபித்தூள் கலந்தது போன்ற வாந்தி, ஈறு வெளுப்பது, முன்னங்காலைத் தரையில் படுக்க வைத்து பின்பக்கத்தைத் தூக்கி நிற்பது, வயிறு கெட்டியாக இருப்பது எல்லாம் உடனே வண்டியில் ஏற்ற வேண்டிய அறிகுறிகள். குடலில் ஓட்டை விழுந்தாலும் ஸ்டீராய்டு வலியையும் காய்ச்சலையும் மறைத்துவிடும். ஆகவே ‘காய்ச்சல் இல்லை, கத்தவும் இல்லை’ என்று காத்திருக்கக் கூடாது.

சரி, மெலாக்சிகாமை மறுபடி எப்போது ஆரம்பிப்பது? இதற்குப் பதில் அந்த ஊசியின் பெயரில்தான் இருக்கிறது. போட்டவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். நீரில் கரையும் சாதாரண டெக்சாமெத்தசோன் என்றால் அதன் தாக்கம் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். அப்படியானால் கடைசி ப்ரெட்னிசோலோன் மாத்திரையிலிருந்து 7 நாள் எண்ணுங்கள். இன்று காலை கொடுத்ததுதான் கடைசி என்றால், அடுத்த வாரம் இதே கிழமைக்கு முன்னால் மெலாக்சிகாம் வேண்டாம். மருந்துத் தாளில் இதைவிடக் குறைந்த இடைவெளி போட்டிருப்பதைப் பார்க்கலாம். உங்கள் நாய்க்கு இரண்டும் ஏற்கெனவே சேர்ந்து போய்விட்டதால், உட்சுவர் ஆற நேரம் தர 7 நாளுக்குக் குறைக்கமாட்டேன்.

ஊசி மெதைல்ப்ரெட்னிசோலோன் அசிடேட் மாதிரி நீண்ட நாள் நிற்கும் வகை என்றால் இந்தக் கணக்கு செல்லாது. போட்ட இடத்தில் தேங்கி நின்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் மருந்து அது. குறைந்தது நாலிலிருந்து ஆறு வாரம் வலி மாத்திரை பக்கமே போகக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான்: மாத்திரை முடிந்த நாளை எண்ணுவார்கள், ஊசியை மறந்துவிடுவார்கள்.

தலைகீழாக, வலி மாத்திரையிலிருந்து ஸ்டீராய்டுக்கு மாறும்போதும் 5 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் 10 நாள் விடுவது நல்லது.

இந்த இடைவெளியில் நாய் வலியோடு கிடக்க வேண்டியதில்லை. காபாபென்டின் இந்த இரண்டு குடும்பத்திலும் சேராத மருந்து, வயிற்றுச் சுவரைத் தொடாது. கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கில் உங்கள் நாய்க்கு 300 மில்லிகிராம் காப்ஸ்யூல், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று டாக்டர் எழுதித்தரக்கூடும். முதல் இரண்டு நாள் தூக்கமும் தள்ளாட்டமும் இருக்கும். மனிதர்களுக்கான காபாபென்டின் சிரப் மட்டும் வேண்டாம், சிலவற்றில் நாய்க்கு விஷமான சைலிடால் இருக்கும். அரிப்புக்கு ஒக்ளாசிட்டினிப் பற்றிக் கேளுங்கள். அது ஸ்டீராய்டு அல்ல, பிற்பாடு மெலாக்சிகாமோடும் சேர்த்துக் கொடுக்கலாம். தோலில் கிருமித் தொற்றோ உடம்பில் கட்டியோ இருந்தால் மட்டும் டாக்டர் யோசிப்பார். மூட்டு நோயும் ஒவ்வாமையும் இரண்டுமே வாழ்நாள் முழுக்க வருபவை என்பதால், இந்த மாதிரி நாய்க்கு அரிப்புப் பக்கத்தில் ஸ்டீராய்டை விட்டு விலகுவதுதான் என் முதல் தேர்வு.

‘ஒமேப்ரசோல் கொடுத்தால் இரண்டையும் சேர்க்கலாமா’ என்று கேட்பவர்கள் உண்டு. அது அமிலத்தைக் குறைக்கும். இழந்த சளிப்படலத்தையோ ரத்த ஓட்டத்தையோ திருப்பித் தராது, சிறுகுடலின் கீழ்ப்பகுதியைக் காப்பாற்றவும் செய்யாது. புண் வந்தபின் சிகிச்சைக்கு நல்ல மருந்து, சேர்த்துக் கொடுப்பதற்கு அனுமதிச் சீட்டு அல்ல. இந்த நாள்களில் வலி கூடினால் வீட்டில் இருக்கும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் மாத்திரைகளைத் தொடவே வேண்டாம். தனியாகவே நாய்க்கு ஆபத்தானவை அவை.

உங்கள் நாய்க்குப் போட்ட ஊசிக்கு உரிய இடைவெளி முடிந்து, பசியும் மலமும் சரியாக இருந்தால், மெலாக்சிகாம் ஆரம்பிக்குமுன் கிரியேட்டினின், கல்லீரல் அளவுகளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், அதாவது உங்கள் நாய்க்கு நாளுக்கு 3 மில்லிகிராம். அதை சாப்பாட்டோடு மட்டும் கொடுங்கள், சாப்பிடாத நாளில் மாத்திரையும் வேண்டாம்.