‘வந்து’வுக்கு இல்லாத ஒற்று

வணக்கம் ஐயா. பாலக்கோட்டில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். ஒரு கல்யாணப் பத்திரிகையில் ‘குடும்பத்துடன் வந்துக் கலந்துக் கொண்டு, விழாவைச் சிறப்பித்து தருமாறு’ என்று அடித்துக் கொடுத்தேன். பெண்ணின் தாத்தா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மூன்று இடத்தில் சிவப்பு மையால் திருத்திவிட்டார். முதல் இரண்டிலும் ‘க்’ வேண்டாமாம், கடைசியில் ‘த்’ வேண்டுமாம். எல்லாமே ‘து’வில்தானே முடிகிறது?

- அச்சக உரிமையாளர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

தாத்தா திருத்திய மூன்றும் சரி. ‘து’வை விடுங்கள்; அதற்கு முன்னால் நிற்கும் எழுத்தைப் பாருங்கள். ‘சிறப்பித்து’ என்பதில் அங்கே ‘த்’ நிற்கிறது, வல்லின மெய். இப்படி முடிவதை வன்தொடர்க் குற்றியலுகரம் என்பார்கள். அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்று மிகும்: கேட்டுச் சொன்னார், விற்றுக் கொடுத்தார், சிறப்பித்துத் தருமாறு. ‘வந்து’, ‘கலந்து’ இரண்டிலும் நிற்பது ‘ந்’, மெல்லினம். அதனால் மிகாது. ‘செய்து’வில் இடையினம், ‘அழுது’வில் ‘ழு’ என்ற உயிர்மெய். அங்கும் மிகாது: செய்து கொடுத்தார், அழுது தீர்த்தாள்.

இந்தப் பிழைக்குக் காரணம் நம் காதுதான். தருமபுரிப் பக்கம் ‘வந்துக்கிட்டு இருக்கேன்’ என்று பேசும்போது ‘க்’ அழுத்தமாகவே ஒலிக்கிறது. பேச்சில் அது இயல்பு, குறையே இல்லை. ஆனால் அதே ஒலியோடு எழுத உட்கார்ந்தால் ‘வந்துக் கொண்டிருக்கிறேன்’ வந்துவிடும். நான் அதிகம் பார்க்கும் ஒற்றுப்பிழை இதுதான். ‘கொண்டு’ வரும் இடத்தில் மட்டுமாவது காதை நம்பாமல் முன்னெழுத்தைப் பார்த்துவிடுங்கள்.

நம்மூர் மாங்காயையே வைத்துச் சோதிக்கலாம். ‘காயைப் பறித்துக் கூடையில் அடுக்கி, மண்டிக்குக் கொண்டு போய், விற்றுப் பணத்தோடு வந்தார்.’ பறித்து, விற்று இரண்டிலும் வல்லினம் முன்னே நிற்பதால் ஒற்று வந்தது. ‘கொண்டு போய்’ என்பதில் ‘ண்’ நிற்பதால் வரவில்லை. (காயைப், மண்டிக்குக் என்பவற்றில் ஒற்று வருவது ஐ, கு உருபுகளால், அது வேறு விதி.)

ஒரே ஒரு எச்சரிக்கை. நாளைக்கே யாராவது ‘மருந்துக் கடை’ என்று பலகை எழுதித் தரச் சொன்னால், ‘மருந்து’விலும் ‘ந்’தானே என்று ஒற்றை எடுத்துவிடாதீர்கள். ‘வன்தொடர் அல்லன முன்மிகா அல்வழி’ என்கிறது நன்னூல். அல்வழி என்றால் வேற்றுமை அல்லாத தொடர்; அந்தச் சொல்தான் எல்லைக்கோடு. மருந்துக் கடை என்றால் மருந்தை விற்கும் கடை. ‘ஐ’ உருபும் ‘விற்கும்’ என்ற சொல்லும் நடுவே மறைந்திருப்பதால் அது வேற்றுமைத் தொடர், ஒற்று மிகும். ‘வந்து’ வினையெச்சம், அதற்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே எந்த உருபும் மறைந்திருக்காது.

பத்திரிகையில் இப்படி அடியுங்கள்: ‘குடும்பத்துடன் வந்து கலந்துகொண்டு, விழாவைச் சிறப்பித்துத் தருமாறு வேண்டுகிறோம்.’