ஊசி போட்ட பிறகு: காய்ச்சலும் கைவீக்கமும்

பேராக்கின் தோட்டப் பட்டணம் ஒன்றில், அரசாங்க கிளினிக்கின் தாய்சேய் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாதி பதில் சொல்கிறார்.

மிஸி, ஐந்து மாத மகளுக்குக் காலையில் தொடையில் ஊசி. இரவு எட்டு மணிக்கு 38.6 காட்டுகிறது. எடை 7 கிலோ. மருந்து எவ்வளவு?

ஐந்தாம் மாதத்தில் போடுவது ஆறு நோய்களுக்கான கூட்டு ஊசி. அதனால் வரும் காய்ச்சல் பெரும்பாலும் அன்றே தொடங்கி, இரண்டு நாளில் இறங்கிவிடும். பிள்ளை பால் குடித்து, கூப்பிட்டால் முகம் பார்த்தால், 38.6 என்ற எண்ணுக்காக அலற வேண்டாம். மருந்து கொடுப்பது அவள் வலியில்லாமல் தூங்குவதற்குத்தான்.

பாரசெட்டமோல் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. உங்கள் மகளுக்கு 105. இனி போத்தலைத் திருப்பிப் படியுங்கள். 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்றிருந்தால் 4.4 மில்லி. 250 என்றிருந்தால் 2.1 மில்லி மட்டுமே. அண்ணனுடைய கெட்டி மருந்தை எடுத்து அதே 4.4 ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடும். வீடுகளில் நடக்கும் தவறு இதுதான். சொட்டு மருந்து அதைவிடவும் கெட்டி. சமையல் கரண்டியை நம்பாமல் மருந்து சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். அடுத்த வேளைக்குக் குறைந்தது 4 மணி நேரம் பொறுங்கள். ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

நடுராத்திரியில் எதைக் கண்டால் கிளம்புவது?

மூச்சு வாங்கினால், பாலைத் தொடவே மறுத்தால், எழுப்பியும் எழாவிட்டால், வெளிறித் துணிபோலத் துவண்டால், மூன்று மணி நேரத்துக்கு மேல் அடங்காமல் வீறிட்டால் காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 999ஐ அழையுங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, வாயில் கரண்டி வைப்பது எல்லாம் வேண்டாம். முகம் வீங்கி உடம்பெல்லாம் தடிக்கும் ஒவ்வாமை பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். அரை மணி நேரம் கிளினிக்கில் உட்காரச் சொல்வது அதற்காகத்தான்.

முதலாம் ஆண்டு படிக்கும் மகனுக்குப் பள்ளியில் ஊசி போட்டார்கள். மறுநாள் கை முழங்கை வரை வீங்கிச் சிவந்துவிட்டது. சீழ் பிடித்துவிட்டதா? மாமியார் தைலம் தேய்க்கச் சொல்கிறார்.

ஏழு வயதில் போடும் தொண்டை அடைப்பான், ரணஜன்னி ஊசிக்குச் சில பிள்ளைகளுக்குக் கை இப்படிப் பெரிதாக வீங்கும். முன்பு போட்ட ஊசிகளால் உடம்புக்கு அது ஏற்கெனவே பழக்கம். அதனால் வேகமாக எதிர்க்கிறது. பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் பையன் விளையாடுவான். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். இரண்டாம் நாளுக்குப் பிறகு சிவப்பு கோட்டுக்குள் சுருங்கினால் நல்லது. மூன்றாம் நாளுக்குப் பிறகும் கோட்டைத் தாண்டினால், தொட்டால் சுட்டால், அடங்கிய காய்ச்சல் திரும்பினால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். அது கிருமித் தொற்றாக இருக்கலாம். குளிர்ந்த ஈரத்துணி போதும். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், தேய்த்தால் வலிதான் கூடும்.

எங்கள் பேத்திக்கும் இதேதான்! ஒன்றரை மாதம் ஆகிறது, இடது கையில் சீழ்க்கட்டி. மஞ்சள் பூசினேன்.

பாட்டி, இது வேறு கதை. பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசி அப்படித்தான் புண்ணாகி, தானே ஆறித் தழும்பாகும். மஞ்சளை நிறுத்திவிட்டு, சுத்தமாகவும் உலர்ந்தும் வைத்திருங்கள். அக்குளில் கட்டி தட்டுப்பட்டால் காட்டுங்கள்.

தனியார் டாக்டர் ஊசிக்கு முன்பே காய்ச்சல் மருந்து கொடுக்கச் சொல்கிறார். நீங்கள் வேண்டாம் என்பீர்களா?

நான் முன்கூட்டிக் கொடுக்கச் சொன்னதில்லை. முன்பே கொடுத்தால் சில ஊசிகளுக்கு எதிர்ப்புச் சக்தி சற்றுக் குறைவாக உருவாவதாக ஆய்வுகள் உண்டு; அதனால் பாதுகாப்பே குறைகிறதா என்பது தெளிவில்லை. மூளைக்காய்ச்சல் ஊசி ஒன்றுக்கு முன்கூட்டிக் கொடுப்பதையே சில நாடுகள் பரிந்துரைக்கின்றன. எந்த ஊசிக்கு என்று உங்கள் டாக்டரையே கேளுங்கள்.

ஊசிக் காய்ச்சல் இரண்டு நாளில் போய்விடும் என்றீர்கள். என் மகனுக்கு ஒரு வயது ஊசி போட்டு ஒன்பதாம் நாள்தான் காய்ச்சல் வந்தது. அப்படியானால் ஊசியால் இல்லை. சரிதானே? இன்று மூன்றாம் நாள், தடிப்பும் இருக்கிறது.

பாதி சரி, தம்பி. நான் சொன்னது கூட்டு ஊசிக்கு. ஒரு வயதில் போடுவது தட்டம்மை ஊசி. அதில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள கிருமி. அது உடம்பில் பெருகுவதற்கு ஒரு வாரம் போல் ஆகும். அதனால் ஒன்பதாம் நாள் காய்ச்சலும் சிறு தடிப்பும் ஊசியாலும் வரலாம். ஆனால் டெங்கியும் இப்படித்தான் வரும். வெளியே பார்த்துப் பிரிக்க முடியாது. மூன்றாம் நாளும் விடவில்லையென்றால் இன்றே கிளினிக்கில் காட்டி, இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். அதுவரை பாரசெட்டமோல் மட்டும், ஐபுபுரொஃபென் வேண்டாம். ஊசித் தேதி எழுதிய குழந்தைப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.