இன்ஷியல் மாறியிருந்தால் படிவத்தில் எந்தப் பெயரை எழுதுவது?

அன்புத் தம்பி,

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் அப்ரண்டிஸாகச் சேரப் போவதாகவும், முதல் வேலையே கணக்குத் தொடங்கும் படிவங்களாக இருக்கும் என்று சொல்லியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். "ஆவணத்தில் தப்பு இருந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். போலி ஆவணத்தை நினைத்துத்தான் கேட்டிருப்பீர்கள். நம் ஊர்க் கிளைகளில் தினமும் தலைவலி கொடுப்பது போலி ஆவணம் அல்ல, உண்மையான ஆவணங்களில் இருக்கும் வெவ்வேறு இன்ஷியல்கள்தான். அதனால் அதைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எது ஆவணம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி அடையாளத்துக்கும் முகவரிக்கும் ஏற்கத்தக்கவை ஆறுதான்: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார், வாக்காளர் அட்டை, மாநில அரசு அதிகாரி கையெழுத்திட்ட நூறு நாள் வேலைத் திட்ட அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கடிதம். பான் அட்டை இந்தப் பட்டியலில் இல்லை. அது வருமான வரிக்காகத் தனியாகக் கேட்கப்படுவது. ரேஷன் கார்டும் பட்டியலில் இல்லை. ஊரில் பலரும் முதலில் நீட்டுவது ரேஷன் கார்டைத்தான், அதனால் இதைப் பணிவாகச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

இப்போது ஓர் உதாரணம். ஒச்சம்மாள் என்று ஒரு அக்கா வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் 'ஒச்சம்மாள் சி' என்று இருக்கிறது. முகவரியில் கணவர் சின்னச்சாமியின் பெயர். பான் அட்டையிலோ 'ஒச்சம்மாள் கருப்பையா', கீழே தந்தை பெயர் கருப்பையா. இரண்டும் ஒரே ஆளுடையவையா?

பான் எண்ணைப் பாருங்கள். தனிநபரின் பான் எண்ணில் நான்காவது எழுத்து 'பி'. ஐந்தாவது எழுத்து, விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் எழுதியதன் முதல் எழுத்து. பான் விண்ணப்பத்தில் இன்ஷியலை மட்டும் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். அதனால் நம்மவர்கள் அப்பா பெயரைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். இந்த அக்காவின் எண்ணில் ஐந்தாவது எழுத்து 'கே' என்றால் கதை பொருந்துகிறது. பான் அப்பா பெயரோடு வாங்கியது, ஆதாரில் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் இன்ஷியல் வந்திருக்கிறது. ஆனால் இது ஒரு துப்பு மட்டுமே, ஆதாரம் ஆகாது. பிறந்த தேதியும் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா, படமும் எதிரில் நிற்பவரும் ஒருவர்தானா என்றும் பார்க்க வேண்டும். பழைய ஆதார் அட்டைகள் சிலவற்றில் பிறந்த ஆண்டு மட்டுமே அச்சாகியிருக்கும். அப்போது தேதியை நீங்களாக ஊகித்து எழுதக் கூடாது.

படிவத்தில் என்ன எழுதுவது? புதிதாக வருகிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். இரண்டு அட்டையும் ஒத்துப்போகட்டும் என்று 'ஒச்சம்மாள் க' என்றோ 'ஒச்சம்மாள் சின்னச்சாமி' என்றோ நல்லெண்ணத்தோடு எழுதிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பெயர்க் கட்டத்தில் அடையாள ஆவணத்தில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். ஆதாரில் 'சி' என்றால் படிவத்திலும் 'சி'தான், விரிக்க வேண்டாம். திருமணத்துக்கு முந்தைய பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், தாய் பெயர் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. கருப்பையாவுக்கு இடம் அங்கே.

ஏன் இவ்வளவு கறார் என்றால், நீங்கள் எழுதுவது அந்தக் கிளையோடு நிற்பதில்லை. விவரங்கள், வாடிக்கையாளர்களின் அடையாள விவரங்களைப் பொதுவாகச் சேர்த்து வைக்கும் மத்திய கேஒய்சி பதிவேட்டுக்குப் போய், வாடிக்கையாளருக்கு 14 இலக்க எண் ஒன்று வரும். நாளை அவர் வேறு வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ போனால், அவர்கள் எடுத்துப் பார்ப்பது நீங்கள் எழுதிய பெயரைத்தான். உங்கள் பேனா போட்ட ஓர் எழுத்துக்காக அந்த அக்கா பல வாசல் ஏற வேண்டியிருக்கும்.

பான் விவரத்தை வங்கி இணையவழியில் சரிபார்க்கும். ஒச்சம்மாள் விஷயத்தில் பெயர் பொருந்தவில்லை என்று வரலாம். அங்கே உங்கள் வேலை, வேறுபாட்டை ஒரு தாளில் தெளிவாக எழுதி அதிகாரியிடம் கொண்டுபோவது. முடிவு அவருடையது. பெயர் மாற்றத்துக்கு ரிசர்வ் வங்கி விதி ஏற்பவை மாநில அரசு வழங்கிய திருமணச் சான்றிதழும் அரசிதழ் அறிவிப்பும். தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டமே 2009-ல் வந்தது. அதற்கு முன் மணமானவர்கள் பலரிடம் சான்றிதழ் இருக்காது.

சான்றிதழ் இல்லாததால் அட்டையைத் திருத்தித்தான் ஆக வேண்டும் என்று அதிகாரி சொன்னால், எதைத் திருத்துவது என்று அந்த அக்கா உங்களைத்தான் கேட்பார். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், அதை எடுத்தவுடன் செலவழிக்கச் சொல்லாதீர்கள். பானில் பெயர் திருத்தலாம். எண் மாறாது, ஐந்தாவது எழுத்தும் 'கே'யாகவே இருக்கும். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பதை ஒரே தடவையில், தமிழில், தாளில் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு முறை திரும்பி வருவதும் அவருக்கு ஒருநாள் கூலி.

நகல்களைப் பற்றி. அசலோடு ஒப்பிட்டு 'அசல் பார்க்கப்பட்டது' என்று கையெழுத்திடுவது அதற்கு அதிகாரம் பெற்ற வங்கி அதிகாரியின் வேலை. கூட்டம் அதிகம், நீங்களே போட்டுவிடுங்கள் என்று யார் சொன்னாலும் போடாதீர்கள். ஆதார் எண் சரிபார்ப்பு தேவைப்படாத இடத்தில், நகலில் எண்ணை மறைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. அசலை அவர் கண்முன்னாலேயே திருப்பிக் கொடுங்கள். எந்த ஆவணத்தையும் உங்கள் சொந்த மொபைலில் படம் எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

மொபைல் எண் கட்டத்தில் கவனம் வையுங்கள். கிராமத்தில் மகன் எண்ணைத் தருவது சகஜம். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் நாலைந்து பேரைக் கூட்டிவந்து எல்லாப் படிவத்திலும் ஒரே எண்ணைச் சொன்னால், கணக்கை வாடகைக்கு விடும் மோசடியாக இருக்கலாம். கூட வந்தவரைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, "எதுக்கும்மா கணக்கு தொடங்குறீங்க? ஏடிஎம் கார்டு யார்ட்ட இருக்கும்?" என்று வாடிக்கையாளரிடமே கேளுங்கள். பதில் தடுமாறினால் படிவத்தை அப்படியே வைத்துவிட்டு அதிகாரியிடம் சொல்லுங்கள். நீங்கள் யாரையும் குற்றஞ்சாட்ட வேண்டியதில்லை.

கடைசியாக, நாமினி என்று நாம் சொல்லும் நியமனதாரர் பகுதி. கையெழுத்துப் போடுகிறவருக்கு அதில் சாட்சி தேவையில்லை. கைநாட்டு வைத்தால் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். வெற்றுப் படிவத்தில் கைநாட்டு வாங்கிவிட்டுப் பிறகு நிரப்பலாம் என்று விடாதீர்கள். எழுதியதை முழுக்கத் தமிழில் வாசித்துக் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகு மைப்பெட்டியை நகர்த்துங்கள்.