ஒரு பார்வைக்கான செலவா, முழுப் பார்வைக்கான செலவா?

கேள்வி: பவானி ஜமுக்காளம் விற்கிறோம். 70 விநாடி வீடியோவை யூடியூபில் ரூ.3,000-க்கு விளம்பரம் செய்தோம். எந்தச் செலவைப் பார்த்து முடிவெடுப்பது?

விலையும் வாட்ஸ்அப் எண்ணும் வீடியோவின் எந்த விநாடியில் வருகின்றன என்பதைப் பொறுத்தது அது. தாண்டிச் செல்லக்கூடிய விளம்பரத்தில் ஒருவர் 30 விநாடி பார்த்தாலோ, அதற்குள் சொடுக்கினாலோ அது ஒரு பார்வையாகிவிடும். ஆகவே கடைசிப் பத்து விநாடியில் வரும் எண்ணை அந்தக் கணக்கு அறியாது.

ரூ.1,500 வீதம் இரு பகுதிகளாகச் செலவிட்டதாகக் கொள்வோம். தமிழ்நாடு முழுவதும் காட்டியதில் 20,000 முறை தோன்றி 5,000 பார்வைகள், அதாவது பார்வைக்கு 30 காசு. ஈரோடு, கோவை, திருப்பூரில் மட்டும் காட்டியதில் 12,500 முறை தோன்றி 3,000 பார்வைகள், பார்வைக்கு 50 காசு. முதலாவதே மலிவு என்று தோன்றும்.

இனி கூகுள் ஆட்ஸ் அறிக்கையில் "Video played to 100%" என்ற நெடுவரிசையைப் பாருங்கள்; வீடியோ கடைசி வரை ஓடிய விகிதம் அது. முதலாவதில் 3%, இரண்டாவதில் 8% என்றால், முழுமையாக ஓடியவை 600-உம் 1,000-உம், ஒரு முழுப் பார்வைக்கான செலவு ரூ.2.50-உம் ரூ.1.50-உம். இந்தச் சதவீதம் தோன்றிய எண்ணிக்கைக்கு உரியது. பார்வைகளோடு பெருக்கி முதலாவதில் 150 என்று கொள்வதுதான் வழக்கமான பிழை (நானும் ஒருமுறை செய்திருக்கிறேன்).

ஆனால் 20 விநாடி வீடியோவையும் 70 விநாடி வீடியோவையும் இப்படி ஒப்பிடாதீர்கள்; குறுகியது இயல்பாகவே மலிவாக முடியும். விலையையும் வாட்ஸ்அப் எண்ணையும் 25-ஆம் விநாடிக்கு முன்னரே காட்டிவிட்டால், பார்வைக்கான செலவே உங்களுக்குப் போதுமானது.